கேந்திரிய வித்யாலயா எனும் கே.வி. பள்ளியின் வெயிட்டிங் லிஸ்ட்டில் 6 என்றால் என்ன?

"கே.வி. முதல் வகுப்பு, ஆர்.டி.இ. பிரிவில் என் மகளுக்கு வெயிட்டிங் லிஸ்ட் 6 வந்திருக்கிறது. கிடைக்குமா? வேறு பள்ளியில் பணம் கட்டிவிடலாமா?"

சகோதரி, அந்த 6, கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கும் ஆர்.டி.இ. பிரிவுக்கு மட்டும் உரிய எண். குலுக்கலில் விழுந்த வரிசை அது. பொதுப்பிரிவிலோ பெற்றோரின் பணியைப் பார்க்கும் முன்னுரிமைப் பிரிவிலோ எத்தனை பேர் விலகினாலும் அது உடனே நகராது.

முதலில் பள்ளியில் எத்தனை செக்‌ஷன் என்று கேளுங்கள். ஒரு செக்‌ஷனில் 32 இடம் என்றால் ஆர்.டி.இ.க்கு 25 சதவீதம், அதாவது 8. ஒரே செக்‌ஷன் என்றால், உங்களுக்கு முன் காத்திருப்பவர்கள் யாரும் விலகாவிட்டால், தேர்வான 8 பேரில் 6 பேர் விலகினால்தான் உங்கள் முறை வரும். அது கடினம். இரண்டு செக்‌ஷன் என்றால் 16 பேரில் 6 பேர், அப்போது ஓரளவு நம்பலாம்.

ஏன் விலகுவார்கள்? ஒரே குழந்தைக்கு மூன்று கே.வி. வரை விண்ணப்பிக்கலாம். இரண்டில் பெயர் வந்தவர் ஒன்றில் சேர்ந்தால் மற்றது காலி. சிலருக்கு முகவரிச் சான்று சரிபார்ப்பில் இடம் தட்டிப்போகும். உங்களுக்கு முன்னால் காத்திருக்கும் ஐவரில் யாராவது வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாலும் நீங்கள் ஒரு படி மேலே வருவீர்கள்.

முதல் பட்டியலின் சேர்க்கை முடிந்த மறுநாள் அலுவலகத்தில், "ஆர்.டி.இ.யில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். என் அக்கா மகனுக்கு 4 வந்திருந்தது. எட்டில் ஏழு பேர் சேர்ந்தார்கள் என்று தெரிந்த அன்றே வேறு பள்ளியில் பணம் கட்டினோம்.

உங்களுக்கு ஒரே செக்‌ஷன் என்றால் இப்போதே கட்டிவிடுங்கள். கட்டுமுன் திரும்பக் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.