தொப்புளுக்குப் பக்கத்திலா, தொப்புளிலேயா?

குழந்தை அறுவைச் சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை செய்து, இப்போது சுங்கை சிப்புட்டில் ஓய்வாக இருக்கும் தாதி ஒருவரிடம் தோட்டத்துக் குடும்பங்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

"மருமகளுக்கு 20 வார ஸ்கேன். பிள்ளையோட குடல் வெளியே இருக்காம். ஒரு டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, இன்னொருத்தர் வேற பேரு. ரெண்டும் ஒண்ணுதானே?" (ஒரு மாமியார்)

இல்லை அக்கா. அடுத்த ஸ்கேனில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தொப்புள் கொடி எங்கே போய்ச் சேர்கிறது? அது வயிற்றில் தன் இடத்திலேயே இருந்து, அதற்கு வலப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் குடல் எந்த மூடலும் இல்லாமல் மிதந்தால் அது கேஸ்ட்ரோஸ்கைசிஸ். கொடியே ஒரு மெல்லிய பையின் மேல் போய் முடிந்தால் ஓம்ஃபலோசீல். அந்தப் பைக்குள் குடலோடு ஈரலும் இருக்கலாம்.

"பை மூடியிருக்குன்னா அதுதான் லேசானது. சரிதானே?" (செம்பனைத் தோட்ட மண்டோர்)

பாதி சரி. பை கிழியாத வரைக்கும் அறுவைக்கு அவசரம் இல்லை. ஆனால் ஓம்ஃபலோசீல் குழந்தைக்கு இருதயக் கோளாறோ குரோமோசோம் கோளாறோ கூடவே இருப்பது அதிகம். அதனால் கத்தியை எடுக்கும் முன் இருதய ஸ்கேன் செய்வார்கள், இரத்தத்தில் சீனி அளவையும் பார்ப்பார்கள். நாக்கு பெரிதாக இருந்தால் சீனி சட்டென்று இறங்கக்கூடிய ஒரு கோளாறு இருக்கலாம்.

ஈரல் இருக்கும் பெரிய பையை ஒரே தடவையில் உள்ளே வைக்க வயிற்றில் இடம் இருக்காது. அப்போது பைமேல் மருந்து பூசிக்கொண்டே வருவார்கள். மாதக்கணக்கில் தோல் மெல்ல அதன்மேல் வளரும். வயிற்றுச் சுவரை அப்புறம் தைப்பார்கள்.

கேஸ்ட்ரோஸ்கைசிஸில் பெரும்பாலும் குடல் மட்டும்தான் பிரச்சனை. ஆனால் பிறந்த நிமிடத்திலிருந்தே அவசரம்.

"என் பேரனுக்கும் இதேதான். அழுதா தொப்புள் உப்பும். காசு வச்சுக் கட்டினோம், போயிடுச்சு." (ஒரு பாட்டி)

பாட்டி, அது வேறு. உங்கள் பேரனுக்குத் தோல் மூடியிருந்தது, அந்த மாதிரி உப்பல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பேர் காசுக்குக் கிடைத்துவிட்டது!

"வெளியே வந்த குடலை ஈரத்துணியால சுத்தினா போதும்னு படிச்சேன்." (தாதிப் பயிற்சி மாணவி)

தங்கச்சி, அந்தத் துணியால் அவதிப்பட்ட ஒரு குழந்தையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 19 வயது, ஸ்கேனுக்கே போகவில்லை. குழந்தை 2.2 கிலோ. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்து, ஆம்புலன்சில் ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களிடம் வந்தது. சுற்றியபோது வெதுவெதுப்பாக இருந்த துணி, வந்து சேரும்போது ஐஸ் மாதிரி. உடம்புச் சூடு 35 டிகிரி. துணியைப் பிரித்தால் குடல் ஒரு பக்கமாகத் தொங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஓட்டையின் ஓரத்தில் மடங்கி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது. துணி மறைத்ததால் வழியில் யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையை வலப்பக்கம் சாய்த்து, டவலைச் சுருட்டிக் குடலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம். சில நிமிடத்தில் நிறம் திரும்பியது. கால்முதல் அக்குள்வரை சுத்தமான, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தோம். சூடும் ஈரமும் போகாது, நிறமும் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள் குழாய் விட்டதும் பச்சைத் தண்ணீர் வந்தது. அதை வெளியேற்றாவிட்டால் குடல் காற்றால் உப்பும். மூடாமல் வெளியே கிடக்கும் குடல் வழியாக நீர் நிறையப் போகும், அதனால் உடனே டிரிப், கூடவே ஆன்டிபயாடிக்.

"எங்க பிள்ளைக்கு குடலைப் பையில தொங்கவிட்டு அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. அன்னைக்கே உள்ள தள்ளியிருக்கலாமே?" (ஒரு அப்பா)

தள்ளலாம், இடம் இருந்தால். இருக்கிறதா என்பதில்தான் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு முடியவில்லை: சிலர் முதல் நாளே மூடப் பார்க்கிறார்கள், சிலர் எல்லாருக்கும் பை போடுகிறார்கள். இறுக்கி மூடினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். சிறுநீர் குறையும், கால் கறுக்கும், மூச்சு இயந்திரத்துக்கு அதிக அழுத்தம் தேவைப்படும். அப்படி ஆனால் தையலைப் பிரித்தே ஆக வேண்டும். சிலிக்கோன் பையை மேலே கட்டித் தொங்கவிட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் வயிறு இடம் கொடுத்துப் பழகும்.

"நான் பப்பாளி சாப்பிட்டதாலயா? பால் எப்போ கொடுக்கலாம்?" (பத்தியத்தில் இருக்கும் ஒரு தாய்)

பப்பாளி இல்லை அம்மா. கேஸ்ட்ரோஸ்கைசிஸ் இருபதுக்குக் கீழ் வயதுள்ள தாய்மாரிடம் அதிகம் என்பது தெரியும். ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியாது.

பால்தான் பொறுமையைச் சோதிக்கும். கருவிலேயே நீரில் ஊறிய குடல் தடித்துப்போய், மூடின பிறகும் வாரக்கணக்கில் சோம்பிக்கிடக்கும். அதுவரை சத்து ஊசிவழிதான். வயிற்றுக் குழாயில் வரும் பச்சை குறைந்து, மலம் போனதும் சில சொட்டில் தொடங்குவார்கள். வாரங்கள் ஆகியும் பச்சை குறையவில்லையென்றால் குடலில் எங்கேயாவது அடைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் சொன்ன அந்தக் குழந்தைக்கு முதல் சொட்டு 18ஆம் நாள். அம்மா அதுவரை பாலைக் கறந்து, தேதி எழுதி, வார்டு ஃப்ரீசரில் வரிசையாக வைத்திருந்தாள்.