சுரங்கச் சிறுமியின் வாக்குமூலத்தை எப்படிப் படிப்பது?

"கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பிள்ளைகள் வேலை செய்ததைப் பற்றி, அரசு விசாரணை அறிக்கைகளை ஆதாரமாக வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்குமூலங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? எப்படி எடுத்தாள்வது?"

நம்பலாம். ஆனால் ஒவ்வொரு வாக்குமூலத்தையும் எடுக்கும்போது யார் கேட்டார், யார் சொன்னார், எந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னார் என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் கட்டுரைகளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டதால் வருபவை.

ஆலைகளுக்கு 1832இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் நடந்த நாடாளுமன்றக் குழுவின் விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேள்வியும் பதிலும் அப்படியே அச்சாகியிருப்பது நமக்குப் பெரிய வசதி. லீட்ஸ் நகரத்து எலிசபெத் பென்ட்லி அங்கே சாட்சி சொன்னார். ஆறு வயதில் ஆளிநார் நூற்பாலையில் டாஃபராகச் சேர்ந்தவர். நூல் நிரம்பிய கண்டுகளை எடுத்துவிட்டு வெற்றுக் கண்டுகளை மாட்டுவது அந்த வேலை. காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை என்று அவர் சொன்னது எல்லாப் பாடநூலிலும் வருகிறது. அதே பதிலின் கடைசியில் "வேலை நெருக்கடியான நாட்களில்" என்று சேர்த்தே சொல்கிறார். அடுத்த கேள்விகளில், அப்படி அரை ஆண்டு நடந்தது என்றும், மற்ற நாட்களில் காலை 6 முதல் மாலை 7 வரை என்றும் தெளிவாக்குகிறார். ஆக, வழக்கமான நேரம் 13 மணி, நெருக்கடிக் காலத்தில் 16 மணி. 16ஐ மட்டும் எடுத்து எழுதினால், அதே பக்கத்தைப் படித்த ஒருவர் உங்கள் வாதத்தை ஒரு நிமிடத்தில் தட்டிவிடுவார். 13 மணி நேரமே ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுமைதான். அதைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சாட்சி சொன்னபோது பென்ட்லிக்கு 23 வயது. அவர் விவரிக்கும் ஆறு வயது ஏறத்தாழ 1815ஆம் ஆண்டு. எனவே அது 1832இன் நிலவரத்துக்கு நேரடிச் சான்று ஆகாது. அதே நேரம், 1819ஆம் ஆண்டுச் சட்டம் பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ் வேலையைத் தடுத்திருந்தாலும் ஆளிநார் ஆலைகளைத் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால், பழைய நினைவு ஏன் இன்னும் பொருந்துகிறது என்பது விளங்கும்.

சாட்லர் குழுவில் சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை. ஆலை முதலாளிகளின் தரப்பைக் கேட்பதற்குள் நாடாளுமன்றம் கலைந்துவிட்டது. ஒருதலைப்பட்சம் என்று முதலாளிகள் முறையிட, 1833இல் தனி ஆணையம் அமைந்தது. அதன் ஆட்கள் ஆலை நகரங்களுக்கே போய் விசாரித்தார்கள். அந்த ஆணையமும், முக்கியத் தொழில்களில் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சமமான மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்றே முடிவுக்கு வந்தது. எதிர்த்தரப்பின் கோரிக்கையில் பிறந்த விசாரணை முந்தையதை உறுதிசெய்வதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. இரண்டையும் அருகருகே வையுங்கள்.

சுரங்கத்துக்கு வருவோம். பிள்ளைகளின் வேலையை விசாரித்த ஆணையம் 1842 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் மூன்று குரல்கள் இருக்கின்றன: பிள்ளைகளின் வாக்குமூலம், நேரில் போன துணை ஆணையரின் குறிப்பு, லண்டனில் ஆணையர்கள் எழுதிய தொகுப்பு. இங்கே வாக்குமூலங்கள் பெரும்பாலும் கேள்விகளை நீக்கிவிட்டு ஒரே பேச்சாக அச்சாகியுள்ளன. பிள்ளை தானாகவே அடுக்கிச் சொன்னது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஹாலிஃபாக்ஸ் பகுதியின் பேஷன்ஸ் கெர்ஷா, வயது 17, நல்ல எடுத்துக்காட்டு. அவர் கரிவண்டி தள்ளுபவர். நிலக்கரிப் படுகை மெல்லியதாக இருந்த இடங்களில் பாதையை உயர்த்தப் பாறையை வெட்டுவது செலவு. அதைவிட வளைந்து குனிந்து போகக்கூடிய இளையவர்களை வைப்பது மலிவு. காலை 5 மணிக்கு இறங்கி மாலை 5 மணிக்கு ஏறுவதாகவும், ஒரு மைலுக்கு மேல் வண்டியைத் தள்ளிப்போய்த் திரும்புவதாகவும், நாளுக்கு 11 நடை என்றும் சொல்கிறார். தலையில் முடி உதிர்ந்து வழுக்கையான இடம் வண்டியைத் தலையால் முட்டித் தள்ளியதால் வந்தது என்கிறார். உண்பதற்காக நிற்பதில்லை, நடந்தபடியே தின்கிறார்.

இதில் ஒரு பொறி உண்டு. வண்டியின் எடை சில மறுபதிப்புகளில் 300 ஹண்ட்ரட்வெயிட் என்று இருக்கிறது. ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு. அப்படியானால் 33,600 பவுண்டு, அதாவது 15 டன். யாராலும் தள்ள முடியாது. 300 பவுண்டு என்று கொண்டால் சுமார் 136 கிலோ, 3 ஹண்ட்ரட்வெயிட் என்று கொண்டால் சுமார் 150 கிலோ, இரண்டுமே நடக்கக்கூடியவை. எண் எதுவானாலும் உடலால் முடியுமா என்று பெருக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் அச்சுப்பிழை இருக்கிறது என்பதற்காக வாக்குமூலம் முழுவதையும் தள்ளிவிடவும் வேண்டாம். தலை வழுக்கையை விசாரித்தவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்த வாக்குமூலத்துக்குக் கீழே துணை ஆணையர் ஸ்கிரிவன், இந்தப் பெண் அறியாமையும் அழுக்கும் கந்தலுமாகப் பார்க்கவே பரிதாபமானவள் என்ற பொருளில் எழுதிவைத்தார். இதை அவளைப் பற்றிய தகவலாக எடுக்காதீர்கள். நடுத்தர வர்க்கத்து அதிகாரி உழைக்கும் பெண்ணை எப்படிப் பார்த்தார் என்பதற்கே அது சான்று. அதே வாக்குமூலத்தில், கரி வெட்டும் ஆண்கள் தொப்பி தவிர வேறு உடை இல்லாமல் வேலை செய்வதாகக் கெர்ஷா சொல்வதும் இருக்கிறது. வேலை நேரத்தைவிட இந்தச் செய்திதான் லண்டன் வாசகர்களை அதிகம் உலுக்கியது.

கட்டுரையில் இப்படி எழுதலாம்: "17 வயதான கெர்ஷா 12 மணி நேரம் சுரங்கத்தில் இருந்ததாகச் சொல்கிறார், வண்டியைத் தலையால் தள்ளியதற்குத் தலை வழுக்கை துணைச் சான்று, ஆனால் எல்லாச் சுரங்கங்களிலும் இதே நிலை என்று இந்த ஒரு சாட்சியத்தை வைத்துச் சொல்ல முடியாது." படுகையின் தடிமனும் வட்டார வழக்கமும் மாற, வேலையும் மாறியது.

உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலான வரிகளையும் விடாதீர்கள். காபர் சுரங்கத்தின் எட்டு வயது சாரா கூடர், காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவள். கதவு திறந்தே கிடந்தால் காற்று போக வேண்டிய பாதையில் போகாது, எரிவாயு சேரும்; அதற்காகத்தான் ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தது. வேலை தன்னைக் களைப்படையச் செய்வதில்லை என்று அவள் முதலில் சொல்கிறாள். பலரும் இந்த வரியை வெட்டிவிடுகிறார்கள். ஆனால் விளக்கு இல்லாததால் பயமாக இருக்கிறது, வெளிச்சம் இருந்தால் பாடுவேன், இருட்டில் பாடத் துணிவதில்லை என்று அவள் தொடர்கிறாள். விசாரித்தவர் எதிர்பார்த்த பதிலை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் முதல் வரி அச்சேறியே இருக்காது. அந்த வரி இருப்பதால்தான் அடுத்த வரிகளின் நம்பகம் கூடுகிறது.

அறிக்கையின் விளைவை எழுதும்போது அளவோடு எழுதுங்கள். 1842 ஆகஸ்டில் வந்த சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. மசோதாவைக் கொண்டுவந்த ஆஷ்லி பிரபு கேட்டது 13 வயது. நாடாளுமன்றம் தந்தது 10. பத்து வயதைத் தாண்டியவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பே வைக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே ஓர் ஆய்வாளர். பதினோரு வயதுப் பையன் 1843லும் அதே மணிக்கு இறங்கி, அதே மணிக்கு ஏற, சட்டம் இடம் தந்தது.