மின்னோட்ட மூலத்தை அணைப்பது எப்படி?

"12 வோல்ட், 8 வோல்ட் மூலங்கள் தலா 4 ஓம் வழியாக ஒரே கணுவில் சேர்கின்றன. 1 ஆம்பியர் மூலமும் அதே கணுவுக்குள் பாய்கிறது. கணுவுக்கும் தரைக்கும் இடையே 2 ஓம். கணு முறையில் 6 வோல்ட் வருகிறது, சூப்பர்பொசிஷனில் 1 வோல்ட்தான். எங்கே தவறு?"

மின்னோட்ட மூலத்தை அணைக்கும்போது அதன் இடத்தில் கம்பியைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சுற்றைத் திறந்துவிட வேண்டும். அணைத்த மின்னழுத்த மூலம் 0 வோல்ட், அதனால் அது கம்பி. அணைத்த மின்னோட்ட மூலம் 0 ஆம்பியர், அதனால் அது அறுந்த கம்பி. நீங்கள் போட்ட கம்பி கணுவைத் தரையோடு ஒட்டிவிட்டது. மின்னழுத்த மூலங்கள் இரண்டின் பங்கும் சுழியாகி, 1 வோல்ட் மட்டும் மிஞ்சியது. தாம்பரத்தில் என்னிடம் மாலையில் படிக்கும் முதலாண்டு மாணவர்களிடமும் இதே பிழையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

12 வோல்ட்டை மட்டும் விட்டுப் பாருங்கள். மற்ற 4 ஓமும் 2 ஓமும் இணையாகி 4/3 ஓம் ஆகின்றன.

```
12 × (4/3) / (4 + 4/3) = 3
```

இதேபோல் 8 வோல்ட் தருவது 2. மின்னோட்ட மூலம் தனியாக இருக்கும்போது மூன்று தடைகளும் இணையாகி 1 ஓம் ஆவதால், அது தருவது 1. கூட்டினால் 6 வோல்ட்.

சரிபார்க்க: கணுவுக்குள் வருவது 1.5 + 0.5 + 1 = 3 ஆம்பியர்; 2 ஓம் வழியாக வெளியேறுவதும் 6/2 = 3.

திறனை மட்டும் இப்படிக் கூட்டாதீர்கள். 2 ஓமில் தனித்தனியாக 4.5 + 2 + 0.5 = 7 வாட் வரும்; உண்மையில் அங்கே செலவாவது 18 வாட்.