விழுந்ததை எழுதிக் கொடுத்தால் தவறை ஒப்புக்கொண்டதாகுமா?

கேள்வி: நான் ஒரு நர்சரி பள்ளியின் தலைமை ஆசிரியை. திங்கட்கிழமை காலை 10.40 இடைவேளையில் யு.கே.ஜி. பையன் ஒருவன் சறுக்குமர ஏணியின் மூன்றாவது படியிலிருந்து மணலில் விழுந்தான். இடது நெற்றியில் வீக்கம், வலது முழங்கையில் சிராய்ப்பு. அப்போது மிஸ் வேறொரு குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆயா பார்த்து ஓடிப்போய்த் தூக்கினார். ஐஸ் துணி வைத்தோம், சிராய்ப்பைக் கழுவினோம். பிறகு நன்றாக விளையாடினான், மதியம் சாப்பிட்டான். மாலை 3.30க்கு அழைத்துப்போக வந்த பாட்டியிடம் சொன்னோம். இன்னொரு பையன் தள்ளிவிட்டதாகக் குழந்தை சொல்கிறான். பெற்றோருக்கு எழுதலாம் என்றால் தாளாளர், "எழுத்தில் கொடுத்தால் நாமே மாட்டிக்கொள்வோம். வேண்டுமானால் புகார் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள்" என்கிறார். மூன்று நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: எழுதத்தான் வேண்டும். அதற்கு முன், இதைப் படித்த கையோடு தாய்க்கோ தந்தைக்கோ தொலைபேசியில் பேசுங்கள். பாட்டியிடம் சொன்ன செய்தி வீட்டில் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. "கீழே விழுந்துட்டானாம்" என்று மட்டும் போயிருக்கலாம். தலையில் பட்டது என்பது போயிருக்காது. தலையில் பட்ட அடியின் விளைவு சில நாள் கழித்துக்கூடத் தெரியலாம். அடிக்கடி வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, நடையில் தள்ளாட்டம், குழறிய பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

சட்டப்படியும் உங்கள் பிரச்சினையின் மையம் இதுதான். ஐந்து வயதுக் குழந்தை விளையாடும்போது விழுவதையே சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. இழப்பீடு கேட்டு வழக்குப் போடுபவர், பள்ளிக்கு ஒரு பொறுப்பு இருந்தது, அக்கறையுள்ள பெற்றோர் காட்டும் அளவு கவனத்தைப் பள்ளி காட்டவில்லை, அதனால்தான் பாதிப்பு வந்தது என மூன்றையும் நிரூபிக்க வேண்டும். விழுந்தது உண்மை என்று எழுதுவதால் இரண்டாவதும் மூன்றாவதும் நிரூபணமாகிவிடாது. மாறாக, தலையில் அடிபட்ட தகவல் வீட்டுக்குப் போகாமல், இரவில் குழந்தை வாந்தி எடுத்ததை "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர்கள் நினைத்து, சிகிச்சை தாமதமானால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் பள்ளியின் மௌனம்தான் என்று சொல்ல இடம் உண்டாகிறது. விழுந்ததற்குப் பதில் சொல்லிவிடலாம்; சொல்லாமல் விட்டதற்குச் சொல்வது கடினம்.

தாளாளரின் பயத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதித் தரும் எதையும் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். ஆனால் அங்கே எடைபோடப்படுவது வார்த்தைகள். "குழந்தைக்கு அடிபட்டதற்கு வருந்துகிறோம்" என்பது மனிதத்தன்மை, தாராளமாக எழுதுங்கள். "எங்கள் கவனக்குறைவால் நடந்துவிட்டது" என்பது, ஆராயாமலே நீங்கள் சொல்லும் முடிவு. "யாரும் எதிர்பார்க்க முடியாத விபத்து" என்பதும் அதேபோல ஒரு முடிவுதான், எதிர்த்திசையில். இரண்டும் வேண்டாம்.

எழுத உட்காரும்போது ஒவ்வொரு வரியையும் இப்படிக் கேளுங்கள்: இதைக் கண்ணால் பார்த்தது யார்? ஆயா விழுந்ததைப் பார்த்தாரா, அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாரா? இரண்டும் வேறு. அவரிடம் தனியாகக் கேளுங்கள். மிஸ்ஸையும் தனியாகக் கேளுங்கள். இருவரும் அவரவர் கையால், அவரவர் வார்த்தையில், தேதியும் நேரமும் போட்டு எழுதித் தரட்டும். நிகழ்ந்த சூட்டில் தானே எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்லச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டு வருடம் கழித்துச் "சரியாக ஞாபகம் இல்லை" என்று நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். மூன்று நாள் என்பதே கொஞ்சம் தாமதம், இன்றே வாங்கிவிடுங்கள்.

தள்ளிவிட்டான் என்பது குழந்தையின் வாய்ச்சொல். அதை மறைக்கவும் கூடாது, நடந்த உண்மையாக எழுதவும் கூடாது. "என்னைத் தள்ளிவிட்டாங்க" என்று குழந்தை கூறினான், பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்று எழுதினால் போதும். இன்னொரு பையனின் பெயரோ, பெயர் சொல்லாமலே அடையாளம் தெரியும்படியான விவரமோ குறிப்பில் வரக்கூடாது. ஐந்து வயதுக் குழந்தையை வகுப்புப் பெற்றோர் முன்னால் குற்றவாளியாக நிறுத்திவிட்டால் அந்த வீட்டாரிடமிருந்து வேறொரு புகார் வரும், அது நியாயமான புகாராகவும் இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரிகூடப் போட வேண்டாம்.

"லேசான அடி", "நலமாக இருக்கிறான்" இரண்டும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. அவற்றுக்குப் பதில் பார்த்ததை எழுதுங்கள்: ஒரு ரூபாய் நாணயம் அளவு வீக்கம், தோல் கிழியவில்லை, மதியம் சாப்பிட்டான், வாந்தி எடுக்கவில்லை. இப்படி:

"திங்கட்கிழமை காலை சுமார் 10.40 மணிக்கு உங்கள் மகன் சறுக்குமர ஏணியின் மூன்றாவது படியிலிருந்து மணல் தரையில் விழுந்தான். அப்போது வகுப்பாசிரியை மைதானத்தில் மற்றொரு குழந்தைக்கு உதவிக்கொண்டிருந்தார். ஆயா உடனே சென்று தூக்கினார். 'என்னைத் தள்ளிவிட்டாங்க' என்று குழந்தை கூறினான். பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. இடது நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வீக்கமும் வலது முழங்கையில் சிராய்ப்பும் இருந்தன. மயக்கமோ வாந்தியோ இல்லை. வீக்கத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தோம். சிராய்ப்பைத் தண்ணீரில் கழுவினோம். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மதிய உணவு சாப்பிட்டான். மாலை 3.30 மணிக்கு அழைத்துச் செல்ல வந்த பாட்டியிடம் நேரில் கூறினோம். அன்று உங்களைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. இன்று அழைத்துப் பேசினோம். அவனுக்கு அடிபட்டதற்கு வருந்துகிறோம். வாந்தி, அதிகத் தூக்கம், தலைவலி, தள்ளாட்டம் போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டி எங்களுக்கும் தெரிவியுங்கள்."

கீழே இன்றைய தேதி, நேரம், உங்கள் கையெழுத்து. திங்கட்கிழமைத் தேதியைப் போடாதீர்கள். குறிப்பு அன்றே எழுதப்பட்டதுபோல் காட்டி, பிறகு அது பொய் என்று தெரிந்தால், உண்மையான மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். "தொலைபேசியில் அழைக்கவில்லை" என்ற வரி தாளாளருக்குக் கசக்கும். இருந்தாலும் பெற்றோர் ஏற்கெனவே அறிந்த உண்மை அது. நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மேலே உள்ளவற்றில் உங்கள் விசாரணையில் உறுதியாகாத எதையும் அப்படியே நகலெடுக்காதீர்கள். உதாரணமாக, மயக்கம் இல்லை என்பதை ஆயாவிடம் கேட்ட பிறகே எழுதுங்கள். மிஸ் "பக்கத்திலேயே நின்றார்" என்று மாற்றி எழுத யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு கணம் பார்வை வேறு பக்கம் போனதை நீதிமன்றம் புரிந்துகொள்ளும். சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டிப்பது குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பது போன்ற செயல்களை. ஒரு குழந்தைக்குப் பாட்டில் திறந்து கொடுத்தது அதில் வராது. ஆனால் அந்த நேரம் மைதானத்தில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்ற கேள்வி வரும். அந்த எண்ணிக்கையைப் பள்ளிப் பதிவேட்டில் இன்றே எழுதி வையுங்கள்.

"புகார் இல்லை" கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை அடியோடு தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி செல்லாது. அடிபட்டதற்கு இழப்பீடு கேட்கும் உரிமை குழந்தைக்குச் சொந்தம், அவனோ மைனர். மைனர் சார்பில் வழக்கு நடக்கும்போது அதைச் சமரசம் செய்வதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மேலும், காலவரையறைச் சட்டப்படி அவன் 18 வயதை அடைந்த பிறகும் மூன்று ஆண்டுகள் வரை வழக்குப் போட முடியும். ஒரு நெற்றி வீக்கத்துக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆனால் பயனற்ற அந்தத் தாளை நீட்டியதும், "அப்படி என்னதான் நடந்தது?" என்ற சந்தேகம் பெற்றோர் மனதில் வந்துவிடும். குறிப்பின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், அதுவே போதும். போட மறுத்தால் கட்டாயப்படுத்தாமல், இன்ன நேரத்தில் கொடுத்தோம் என்று நகலில் எழுதி, பக்கத்தில் இருந்தவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

பின்னர் ஏதாவது விவரம் தவறு என்று தெரிந்தால், நேரம் 10.40 அல்ல 10.32 என்பதுபோல, பழையதை அடிக்கவோ மாற்றவோ வேண்டாம். புதிய தேதியிட்ட ஒரு கூடுதல் குறிப்பு எழுதுங்கள்.

இனி தலையில் அடி என்றால் அளவு பார்க்காமல் அந்த நேரமே தாயையும் தந்தையையும் அழையுங்கள். எடுக்காவிட்டால் அழைத்த நேரத்தைக் குறித்து, அவசரத் தொடர்பாகக் கொடுத்த எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று அவர்களையே கேளுங்கள். ஆனால் மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலோ, குழந்தை நினைவிழந்தாலோ, யார் சம்மதத்துக்கும் காத்திராமல் 108ஐ அழைத்துவிடுங்கள். குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் அவசர உதவிக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

இன்று சறுக்குமர ஏணியைப் போய்ப் பாருங்கள். படி ஆடுகிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, கைப்பிடி உடைந்திருக்கிறதா? குறை இருந்தால் சரிசெய்வதற்கு முன் புகைப்படம் எடுத்து, ஏணியைக் கயிறு கட்டி மூடிவிட்டு, அதையும் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மைதானத்தில் சிசிடிவி இருந்தால் திங்கட்கிழமைப் பதிவில் 10.30 முதல் 11 மணி வரையிலானதை உடனே தனியாக எடுத்து வையுங்கள். ரெக்கார்டர் சில நாட்களில் பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். எடுத்தது யார், எந்த நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து என்பதையும் எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய நேர்ந்தால் 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். பெற்றோர் பார்க்க விரும்பினால் அலுவலகத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். மற்ற குழந்தைகளும் அதில் இருப்பதால் நகல் அனுப்ப வேண்டாம்.