பொய்யை ஒப்புக்கொண்டால் போதுமா?

"உளவியல் ஆய்வில் பொய் சொல்லிவிட்டு, கடைசியில் உண்மையைச் சொன்னால் சரியாகிவிடுமா? நெறிமுறைக் குழு இதை எப்படி அனுமதிக்கிறது?"

எப்போதும் சரியாகாது. இதையே அமெரிக்க உளவியலாளர் லீ ராஸும் சகாக்களும் 1975-ல் சோதித்தார்கள். மாணவர்களிடம் தற்கொலைக் கடிதங்களைக் கொடுத்து, எது அசல், எது போலி என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அப்புறம் சிலரிடம் "பிரமாதம், 25-ல் 24 சரி" என்றார்கள். சிலரிடம் "10தான் சரி" என்றார்கள். இரண்டுமே முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பெண்கள்.

பிறகு அது பொய் என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆனாலும் "10" வாங்கியவர்கள் தங்களுக்கு இந்தத் திறமை குறைவு என்றே நம்பினார்கள். மதிப்பெண் வந்ததுமே மனம் அதற்குக் காரணம் தேடிக்கொள்கிறது. மதிப்பெண் பொய்யானாலும் அந்தக் காரணங்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. இந்தப் பிடிவாதத்தையே எடுத்துச் சொல்லி, "உங்களுக்கும் இப்படி நடக்கலாம்" என்று விளக்கியபோதுதான் பாதிப்பு பெரும்பாலும் நீங்கியது. அவசரமாக நீட்டும் ஒரு பக்கத் தாளால் இது நடக்காது என்பது என் கருத்து.

அதனால்தான் குழு, கடைசியில் உண்மையைச் சொல்லப்போகும் விளக்க உரையின் வரைவை ஆய்வு தொடங்கும் முன்பே கேட்கும். பொய்யில்லாமல் இதைச் சோதிக்க வழியில்லையா என்றும் பார்க்கும். உடல்வலியோ கடும் மனவேதனையோ வரக்கூடிய ஆய்வில் அதை மறைத்து ஏமாற்ற அமெரிக்க உளவியல் சங்க விதிகள் இடம் தருவதில்லை. உண்மை தெரிந்தபின் பங்கேற்பாளர் தன் தரவைத் திரும்பப் பெறவும் அவை அனுமதிக்கின்றன.