ஈர மணலும் பெட்டிக் கணக்கும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. கணக்காகத்தான் போடுகிறோம். ஆனாலும் கலவை முரடாக வருகிறது, தூண் பலகையைப் பிரித்தால் கல் கல்லாகத் தெரிகிறது. பெட்டி தப்பா?

பதில்: வைப்ரேட்டர் சரியாகப் போடாவிட்டாலும் கல் தெரியும். ஆனால் கலவையே முரடாக வருகிறது என்றால் எனக்கு மணலின் ஈரத்தின் மீதுதான் சந்தேகம். லேசான ஈரம் இருக்கும்போது ஒவ்வொரு மணல் துகளையும் ஒரு நீர்ப்படலம் சுற்றிக்கொள்கிறது. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காருவதில்லை, மணல் உப்பிவிடுகிறது. எடையில் 5 சதவீத ஈரமே மணலைக் கால் பங்கு உப்ப வைக்கலாம். பொடி மணல் இன்னும் அதிகமாக உப்பும். ஜல்லி அப்படி உப்பாது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை சுமார் 35 லிட்டர். பெட்டியும் அதே 35 லிட்டர் என்றால், ஒன்றரைப் பெட்டி 52.5 லிட்டர். மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் அதற்குள் இருக்கும் உண்மையான மணல் 42 லிட்டர்தான். ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப அது போதாது, கலவை முரடாகிறது. இளக வைக்கலாம் என்று ஆள் தண்ணீரை ஊற்றுவார். அங்கேதான் கான்கிரீட்டின் பலம் போகிறது.

52.5-ஐ 1.25-ஆல் பெருக்குங்கள்: 65.6 லிட்டர். அந்த அளவுக்கு மணலுக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்து, உள்பக்கம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மணலைத் தளர்வாகக் கொட்ட வேண்டும். குத்தவோ குலுக்கவோ கூடாது. கோடுவரை மட்டமாக நிரவினால் சரி. அப்புறம், அந்த மணலுக்குள்ளேயே ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றுபவர் என்றால் 21-தான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: மணல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று லேப் இல்லாமல் தெரியுமா?

பதில்: தெரியும். நேர்ச்சுவருள்ள கண்ணாடிக் குடுவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை மணலைத் தளர்வாகப் போட்டு, மட்டமாக்கி உயரத்தை அளக்கவும். 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, குடுவையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றவும். மணலைப் பாதிப் பாதியாகத் திரும்பப் போட்டு, கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றவும். முழுக்க நனைந்த மணலில் உப்பல் இருக்காது, உலர்ந்த மணலின் அளவுக்கே இறங்கிவிடும். இப்போது உயரம் 12 என்றால் 15-ஐ 12-ஆல் வகுக்கவும்: 1.25. பெருக்க வேண்டிய எண் அதுதான்.

குவியலின் மேல்தோலை எடுக்காதீர்கள், அன்று அள்ளப்போகும் இடத்தில் எடுங்கள். தினமும் காலையில் ஒரு முறை, மழை பெய்தால் மறுபடியும்.

கேள்வி: மேஸ்திரி பாண்டுக் கணக்கிலேயே போடுகிறார். அனுபவசாலி, விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ஒரு பாண்டில் தலைதட்டி வரும், அடுத்ததில் கூம்பாக வரும். இதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பிறகு விரிசல் விட்டது என்று எழுதுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: லாரி அளவில் மணல் வாங்கினோம். கணக்குப்படி வர வேண்டிய வேலை வரவில்லை. ஏமாற்றப்பட்டோமா?

பதில்: பட்டிருக்கலாம், உங்கள் மீது தவறில்லை. நானும் பட்டிருக்கிறேன். என் வீட்டு வேலைக்கு 10 லோடு ஈர மணல் வாங்கினேன். ஒவ்வொரு லாரியும் நிறைந்தே வந்தது. பாதி வேலையில் குறைந்தபோதுதான் குடுவையில் பார்த்தேன்: 30 சதவீத உப்பல். 10 லோடில் எனக்கு வந்த உண்மையான மணல் 8 லோடுகூட இல்லை. மீதியெல்லாம் காற்று. ஈர மணலை லாரி அளவில் முழு விலைக்கு விற்பதை நான் வியாபாரமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்பும் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எடைக்கு வாங்கினாலும் தண்ணீருக்குக் காசு போகும், ஆனால் 5 சதவீத ஈரத்துக்கு 5 சதவீதம்தான் போகும். அளவுக்குத்தான் விற்பார் என்றால், இறக்கும் முன் குடுவைச் சோதனை செய்து உப்பலைக் கழித்துப் பணம் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எடை போடும் மெஷினை வாடகைக்கு எடுப்பது லாபமா?

பதில்: தூண், பீம், தளம் என்று தாங்கும் வேலை இருந்தால் எடுங்கள். மேலே சொன்ன ஒன்றரைப் பெட்டி மணல் உலர்ந்த நிலையில் சுமார் 84 கிலோ. 5 சதவீத ஈரத்தோடு 88 கிலோ நிறுக்க வேண்டும். ஈரத்தை மறந்து 84 கிலோவே நிறுத்தாலும் குறைவது 4 கிலோ மணல்தான். பெட்டியில் மறந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மெஷின் வந்ததும் காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஏற்கெனவே வேறு தராசில் சரிபார்த்த சிமென்ட் மூட்டைகளை ஏற்றிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பெட்டி இருக்கிறதே, சிமென்ட்டையும் அதிலேயே அளக்கலாமா?

பதில்: வேண்டாம். பிரித்துக் கொட்டிய சிமென்ட் பொங்கி நிற்கும், அளவு நிலையாக இருக்காது. முழு மூட்டையாகவே போடுங்கள்.