முதலீட்டுக்கு ஃபிளாட்: வாடகை வருமானமும் மறுவிற்பனையும்

கேள்வி: முதலீட்டுக்காக ஃபிளாட் வாங்கப் போகிறேன். அந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு தேறும், பிறகு விற்க முடியுமா என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரர் கேட்கும் வாடகைதான். அதே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் காவலாளியிடமும் பேசினால் உண்மையில் கொடுக்கும் வாடகை தெரியும். எத்தனை வீடுகள் காலியாகக் கிடக்கின்றன என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஃபிளாட் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பதிவு, வரி, சின்ன வேலைகள் சேர்த்து 110 ஆகிவிடும். மாத வாடகை 0.35 என்றால் ஆண்டுக்கு 4.2. தரகர் இதை அப்படியே 4.2 சதவீதம் என்பார். ஆனால் ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால் 3.85. பராமரிப்பு, சொத்து வரி, பெயின்ட் என்று 0.95 போனால் மிச்சம் 2.9. அதை 110-ஆல் வகுத்தால் 2.6 சதவீதம்தான். கடன் வட்டி இதைவிட அதிகம் என்றால், லாபம் முழுக்க விலை ஏற்றத்தை நம்பியே இருக்கிறது.

அப்புறம் மறுவிற்பனை. அதே பகுதியில் பத்து வருடப் பழைய ஃபிளாட்டுகள் சதுர அடிக்கு என்ன விலைக்குப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையதும் ஒருநாள் அந்த வயதுக்கு வரும். பக்கத்தில் காலி நிலம் நிறைய இருந்தால் கவனம். புதுக் கட்டடங்கள் வந்துகொண்டே இருந்தால், பழையதை வாங்க ஆள் குறைவு. ஒரே வீட்டின் விளம்பரம் விலை குறைந்து மறுபடி மறுபடி வந்தால், அங்கே விற்பது கஷ்டம்.